திரிஞ்ச பால், தண்ணி விட்ட மோர்: போட்டோ பார்த்து எதை சொல்லலாம், எதை சொல்லவே முடியாது

ஏப்ரல் மே வந்துட்டா சென்னைல எந்த அபார்ட்மென்ட் குரூப்பை எடுத்தாலும், எந்த குடும்ப குரூப்பை எடுத்தாலும் இந்த போட்டோ கண்டிப்பா வரும். ஒரு எவர்சில்வர் பாத்திரம், உள்ள வெள்ளை வெள்ளையா கட்டி, சுத்தி லேசா பச்சை கலந்த மஞ்சள் தண்ணி, கீழ "இதை யூஸ் பண்ணலாமா?"னு ஒரு கேள்வி. உடனே ஒருத்தர் "தாராளமா பன்னீர் பண்ணுங்க"ம்பார், இன்னொருத்தர் "ஐயோ விஷம், கொட்டுங்க"ம்பார், மூணாவதா ஒரு அத்தை "நாங்கல்லாம் அந்த காலத்துல சர்க்கரை போட்டு கிளறி சாப்பிட்டோம், ஒண்ணும் ஆகல"ன்னு முடிச்சிடுவாங்க. மூணு பேரும் பார்த்தது அதே போட்டோதான்.

பிரச்சனை என்னன்னா "திரிஞ்சது"ன்னா "கெட்டது"ன்னும், "திரியல"ன்னா "நல்லா இருக்கு"ன்னும் நம்ம மனசுல பதிஞ்சு போச்சு. ரெண்டும் வேற வேற விஷயம். திரியுறதுங்கறது பால்ல இருக்கற புரோட்டீனுக்கு நடக்குற ஒரு மாற்றம். அது கிருமியாலயும் நடக்கலாம், எலுமிச்சம்பழத்தாலயும் நடக்கலாம், இஞ்சியாலயும் நடக்கலாம். அதனால முதல்ல பாலுக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்த்துட்டு அப்புறம் போட்டோவுக்கு வருவோம்.

## பால் ஏன் வெள்ளையா, ஒண்ணா இருக்கு

பால்ல பெரும்பகுதி தண்ணிதான். அதுல கொழுப்பு, லாக்டோஸ்ங்கற சர்க்கரை, உப்புங்க, அப்புறம் புரோட்டீன். அந்த புரோட்டீன்ல கிட்டத்தட்ட 80 சதவீதம் கேசீன். கேசீன் தனித்தனியா கரைஞ்சு கிடக்காது, கண்ணுக்கு தெரியாத குட்டி குட்டி உருண்டையா சேர்ந்து தண்ணில மிதந்துட்டே இருக்கும். பாலோட வெள்ளை நிறத்துக்கு இந்த உருண்டைங்களும் கொழுப்புத் துளிங்களும்தான் காரணம், ரெண்டும் வெளிச்சத்தை நாலா பக்கமும் சிதறடிக்குது.

இவ்வளவு உருண்டை ஒரே டம்ளர்ல இருக்கே, ஒண்ணோட ஒண்ணு ஏன் ஒட்டிக்கலை? மழை பெய்யும்போது ரங்கநாதன் தெருவை நினைச்சுக்கோங்க. எல்லாரும் குடை விரிச்சு பிடிச்சிட்டு நடக்குறாங்க. எவ்வளவு கூட்டமா இருந்தாலும் குடையோட குடை இடிக்குமே தவிர ஆளோட ஆள் ஒட்ட முடியாது. கேசீன் உருண்டை மேலயும் இதே மாதிரி மெல்லிசா முடி முடியா ஒரு அடுக்கு இருக்கு, அதுல மைனஸ் சார்ஜும் இருக்கு, அதனால பக்கத்துல வர்ற உருண்டையை தள்ளி விட்டுட்டே இருக்கும். அந்த அடுக்குதான் குடை. குடை விரிஞ்சிருக்கற வரைக்கும் பால் பாலா இருக்கும்.

## குடை போச்சுன்னா திரியும்

குடை போறதுக்கு ரெண்டு வழி இருக்கு.

முதல் வழி புளிப்பு. பால்ல இருக்கற பாக்டீரியா லாக்டோஸை சாப்பிட்டு லாக்டிக் அமிலத்தை வெளிய விடும். புளிப்பை அளக்குற அளவுகோலுக்கு பேர் பிஹெச், நம்பர் குறைய குறைய புளிப்பு ஜாஸ்தின்னு அர்த்தம். புதுப்பால் சுமார் 6.6லிருந்து 6.8க்குள்ள இருக்கும். புளிப்பு ஏற ஏற மைனஸ் சார்ஜ் குறைஞ்சு குடை மடங்கிட்டே வரும், 4.6 பக்கம் வந்ததும் கேசீன் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். இது மெதுவா, ஆடாம அசையாம நடந்தா அழகா தயிரா உறையும். உறை ஊத்திட்டு பாத்திரத்தை நகர்த்தாதேன்னு வீட்ல திட்டுறதுக்கு காரணம் இதுதான். எலுமிச்சை பிழிஞ்சு பன்னீர் எடுக்கறதும் இதே வேலைதான், வெளியிலிருந்து புளிப்பை கொண்டு வந்து கொட்டுறோம், அவ்வளவுதான்.

ரெண்டாவது வழில புளிப்பே தேவையில்லை, குடையை கத்திரிச்சு விடுறது. சில என்சைம், அதாவது ஒரு குறிப்பிட்ட வேலையை செய்யற புரோட்டீன், கேசீன் மேல இருக்கற அந்த அடுக்கையே வெட்டி எடுத்துடும். பச்சை இஞ்சில அப்படி ஒரு என்சைம் இருக்கு, அதனாலதான் இஞ்சியை தட்டி நேரா பால்ல போட்டா சில நேரம் டீ திரிஞ்சு போகுது, இஞ்சியை தண்ணிலயே நல்லா கொதிக்க விட்டு அப்புறம் பால் ஊத்துனா திரியாது, கொதிச்சதும் அந்த என்சைம் செத்துடும். சில பாக்டீரியாவும் இந்த மாதிரி என்சைமை தானே உண்டாக்கும், இது முக்கியம், கொஞ்சம் கழிச்சு திரும்ப வரேன்.

இதுக்கெல்லாம் மேல சூடு. காலைல பாக்கெட் வெட்டி ஊத்தும்போது பால் நல்லாதான் இருந்துச்சு, வாசனையும் வரல, அடுப்புல வெச்சதும் திரிஞ்சு போச்சுன்னு எல்லாருக்கும் நடந்திருக்கும். அதுக்கு பால்காரரை திட்டுறதுக்கு முன்னாடி இதை யோசிங்க: குடை பாதி மடங்கின நிலையில பால் இருந்திருக்கு. சும்மா இருக்கும்போது சமாளிச்சுக்குது, சூடு பண்ணா உருண்டைங்க வேகமா ஓடி பலமா மோதும், பாதி மடங்கின குடை தாங்காது. தானா திரியணும்னா பிஹெச் 4.6 வரைக்கும் போகணும், ஆனா கொதிக்க வெச்சா 6க்கு கொஞ்சம் கீழ இறங்கியிருந்தாலே போதும், திரிஞ்சிடும். அந்த லெவல் புளிப்பு நாக்குக்கு சரியா தெரியாது. பால் கொள்முதல் பண்ற இடங்கள்ல கொஞ்சம் பாலை எடுத்து டெஸ்ட் ட்யூப்ல கொதிக்க வெச்சு பார்க்குறது இதுக்குத்தான், திரிஞ்சா அந்த பாலை வாங்க மாட்டாங்க.

சுருக்கமா இதுவரைக்கும்: திரியுறதுன்னா கேசீன் ஒட்டிக்கறது. புளிப்பு பண்ணலாம், என்சைம் பண்ணலாம், சூடு அதை வேகப்படுத்தும். யார் பண்ணாங்கன்னு அந்த வெள்ளைக் கட்டில எழுதி இருக்காது.

## அந்த பச்சைத் தண்ணி

போட்டோல எல்லாரையும் பயமுறுத்துறது கட்டியை விட அந்த தண்ணிதான். பச்சையா இருக்கே, பாசி பிடிச்சிருச்சோன்னு. இல்லை. கேசீனும் கொழுப்பும் கட்டியோட போனதுக்கப்புறம் மிச்சம் இருக்கற தண்ணிக்கு வே-ன்னு பேரு, அதுல ரைபோஃப்ளேவின்ங்கற பி2 வைட்டமின் இருக்கு, அதோட இயற்கை நிறமே பச்சை கலந்த மஞ்சள். பால்லயும் இது எப்பவும் இருக்கு, வெள்ளை மறைச்சிட்டு இருந்துச்சு, அவ்வளவுதான். தண்ணி தெளிவா இருந்தா முழுசா திரிஞ்சிருக்குன்னு அர்த்தம், பால் மாதிரி கலங்கலா இருந்தா பாதிதான் திரிஞ்சிருக்குன்னு அர்த்தம். சாப்பிடலாமா வேண்டாமாங்கறதுக்கு இந்த தண்ணியோட தெளிவு ஒரு பதிலும் சொல்லாது.

## ஒரே போட்டோ, ரெண்டு கதை

இப்ப அந்த குரூப் போட்டோவுக்கு வருவோம். ரெண்டு வீட்டுலேர்ந்து ரெண்டு போட்டோ வருதுன்னு வெச்சுக்கோங்க, பார்க்க அச்சு அசலா ஒரே மாதிரி.

முதல் வீடு வேளச்சேரி. மே மாசம். பால் பாக்கெட்டை காலைல அஞ்சரைக்கு கேட்ல மாட்டியிருக்கற பையில போட்டுட்டு போயிட்டாங்க. வீட்ல எல்லாரும் லேட்டா எழுந்து ஒன்பதரைக்கு எடுத்து ஃப்ரிட்ஜ்ல வெச்சாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு காய்ச்சினாங்க, திரிஞ்சிடுச்சு. லேசா புளிச்ச வாடை.

ரெண்டாவது வீடு பெரம்பூர். பாக்கெட் வந்த உடனே ஃப்ரிட்ஜ்க்கு போச்சு. அதே பால்ல காலைல காபி போட்டாங்க, எந்த பிரச்சனையும் இல்லை. சாயங்காலம் இஞ்சி டீக்கு பாலை லேசா சூடு பண்ணி நிறைய பச்சை இஞ்சி துருவி போட்டுட்டு சிம்ல விட்டாங்க, திரிஞ்சிடுச்சு. வாடை ஒண்ணும் இல்லை, இஞ்சி வாசனைதான்.

ரெண்டாவது வீட்டு பாலை நான் யோசிக்காம வடிகட்டி பன்னீராக்கிடுவேன், என்ன, இஞ்சி வாசனை பன்னீர். என்சைம்தான் குடையை வெட்டியிருக்கு, கிருமிக்கு இதுல பெரிய பங்கு இல்லை, பால் எப்பவும் குளிர்லயே இருந்திருக்கு.

முதல் வீட்டு பாலை கொட்டிடுவேன். நாலு மணி நேரம் சென்னை மே மாச காலைல, அதாவது 30 டிகிரி பக்கம், வெளிய கிடந்திருக்கு. சீக்கிரம் கெடக்கூடிய சாப்பாட்டை ஃப்ரிட்ஜுக்கு வெளிய ரெண்டு மணி நேரத்துக்கு மேல வைக்காதே, 32 டிகிரியை தாண்டின வெயில்னா ஒரு மணி நேரம்தான்னு உணவுப் பாதுகாப்புல ஒரு பொதுக் கணக்கு சொல்லுவாங்க. பாக்கெட் பால் பாஸ்ட்டுரைஸ் பண்ணதுதானே, அதாவது சுமார் 72 டிகிரில 15 செகண்ட் சூடு பண்ணி நோய்க் கிருமியை கொன்னதுதானேன்னு கேட்கலாம். கொன்னது உண்மைதான், ஆனா எல்லாத்தையும் இல்லை. பேசிலஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியா கெட்டியான ஓடு கட்டிக்கிட்டு, அதுக்கு பேர் ஸ்போர், அந்த சூட்டை தாண்டி உசுரோட இருக்கும். பால் வெதுவெதுன்னு ஆனதும் முளைச்சு வளரும். அந்த நாலு மணி நேரத்துல லாக்டிக் பாக்டீரியா மட்டும்தான் வளர்ந்துச்சா, கூட வேற யாராவது வளர்ந்தாங்களான்னு போட்டோவும் சொல்லாது, மூக்கும் சொல்லாது.

அந்த காலத்துல சாப்பிட்டோம்னு சொல்ற அத்தை பொய் சொல்லல. அப்ப பால் கறந்த கொஞ்ச நேரத்துல வீட்டுக்கு வந்துச்சு, வந்த உடனே காய்ச்சுனாங்க, திரிஞ்சாலும் எத்தனை மணி நேரப் பால்னு வீட்ல தெரியும். இப்ப கேட்ல எவ்வளவு நேரம் தொங்குச்சுன்னு வாட்ச்மேனுக்கே தெரியாது.

## "கொதிக்க வெச்சுட்டா போச்சு" இல்லை

இதுதான் அதிகமா சொல்லப்படற பதில், இதுதான் அதிகமா தப்பாகுற பதிலும். கொதிக்க வெச்சா கிருமி சாகும், சரி. ஆனா சில கிருமி சாகறதுக்கு முன்னாடியே விஷத்தை வெளிய விட்டுட்டு போயிருக்கும், அதுக்கு டாக்ஸின்னு பேரு. ஸ்டெஃபிலோகாக்கஸ்ங்கற பாக்டீரியா விடுற டாக்ஸின் வீட்டுக் கொதியில அழியாது. பேசிலஸ் சீரியஸ் உண்டாக்கற வாந்தி டாக்ஸினும் அப்படித்தான். பன்னீராக்கினாலும், சர்க்கரை போட்டு மணிக்கணக்கா கிளறினாலும் அது அங்கேயேதான் இருக்கும். சாப்பிட்ட சில மணி நேரத்துல வாந்தி ஆரம்பிக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. முன்னாடி சொன்னேனே, பாக்டீரியாவே குடையை வெட்டும்னு. இந்த பேசிலஸ் சீரியஸ் அந்த வேலையையும் செய்யும். அப்ப பால் புளிக்காமலே, கிட்டத்தட்ட இனிப்பாவே இருந்துட்டு அடில மெத்துன்னு கட்டி சேரும். ஃப்ரிட்ஜ்ல ரொம்ப நாள் இருந்த பால்ல குளிர்லயே வளர்ற வேற சில பாக்டீரியாவும் இதே மாதிரி புரோட்டீனை வெட்டும், அப்ப கசப்பு வரும். "மோந்து பார்த்தேன், புளிப்பே இல்லை, அதனால ஓகே"ன்னு சொல்றது இங்க கவுந்துடும். எலுமிச்சை, தயிர், இஞ்சின்னு ஒரு காரணமும் இல்லாம, புளிப்பு வாடையும் இல்லாம பால் கட்டியாயிருந்தா எனக்கு புளிச்ச பாலை விட அதுதான் ஜாஸ்தி சந்தேகம்.

சுருக்கமா: திரிஞ்ச பாலுக்கு தீர்ப்பு கட்டியோட ஷேப்ல இல்லை, அது ஏன் திரிஞ்சது, அதுக்கு முன்னாடி எத்தனை மணி நேரம் வெளிய இருந்ததுங்கறதுல இருக்கு.

## திரியாமலே திரிஞ்ச மாதிரி

பால் விலை ஏறினதுலேர்ந்து நாலஞ்சு பாக்கெட் வாங்கி ஃப்ரீசர்ல போடுற வீடு நிறைய. உருகினதும் பார்த்தா ஓரத்துல மஞ்சள் மஞ்சளா துணுக்கு, மேல தண்ணி மாதிரி. போட்டோல பார்த்தா திரிஞ்ச பால்தான். ஆனா பெரும்பாலும் இது உறையும்போது கொழுப்பு தனியா பிரிஞ்சு சேர்ந்தது. சோதிக்கறது சுலபம், கொஞ்சம் சூடு பண்ணுங்க. கொழுப்புத் துணுக்கு உருகி எண்ணெய்ப் பொட்டு மாதிரி மேல மிதக்கும். கேசீன் கட்டி உருகவே உருகாது, சூட்டுல இன்னும் கெட்டியாகும். காபி மேல மிதக்கற பொட்டுக்கும் இதே கணக்குதான், பளபளன்னு வட்டமா இருந்தா கொழுப்பு, கிழிஞ்ச பஞ்சு மாதிரி இருந்தா பால் திரியுற விளிம்புல இருந்திருக்கு, டிகாக்‌ஷனோட புளிப்பும் சூடும் சேர்ந்து தள்ளி விட்டுடுச்சு.

## மோர் தெளியறது தப்பே இல்லை

மோர்ல குடை எல்லாம் ஏற்கனவே மடங்கியாச்சு, நாமளே வேணும்னு மடக்கினதுதான். மத்தால கடைஞ்சு தண்ணி சேர்த்திருக்கோம், கொஞ்ச நேரம் வெச்சா கேசீன் துணுக்கு அடில போய் உட்காரும், மேல தெளிஞ்ச தண்ணி நிக்கும். இதுக்காக மோரை கொட்டுறவங்களை பார்த்தா எனக்கு வருத்தமா இருக்கும். ஒரு ஆத்து ஆத்துனா திரும்ப ஒண்ணாயிடும். தயிர்ல ஸ்பூன் விட்டு எடுத்த பள்ளத்துல தண்ணி நிக்கறதும் அதே வே தண்ணிதான்.

போட்டோல நான் தேடுறது வேற. தெளிஞ்ச மோர்ல வெள்ளை கீழயும் தண்ணி மேலயும் இருக்கணும். தலைகீழா இருந்தா, அதாவது வெள்ளைக் கட்டி மேல மிதந்து, அதுல ஊசி குத்துன மாதிரி ஓட்டை ஓட்டையா இருந்து, தண்ணி கீழ இருந்தா, உள்ள கேஸ் உண்டாகி கட்டியை தூக்கியிருக்கு. அப்ப ஈஸ்ட்டோ கழிவுலேர்ந்தும் வரக்கூடிய கோலிஃபார்ம் வகை பாக்டீரியாவோ புகுந்திருக்கலாம், கள்ளு மாதிரி ஒரு வாடையும் சில நேரம் வரும். பாக்கெட் பலூன் மாதிரி உப்பியிருக்கறதும் இதே கதை. அதை வெட்டி மோந்து பார்க்கற ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம், அப்படியே குப்பைக்கு. கடைஞ்ச உடனே மேல நுரையும் வெண்ணையும் மிதக்கறதை இதோட குழப்பிக்காதீங்க, அது காத்து உள்ள போனது.

நிறமும் பேசும். பிங்க், ஆரஞ்சு, கருப்பு, பச்சைப் புள்ளி, மேல பஞ்சு மாதிரி படலம், எதுவா இருந்தாலும் அந்த இடத்தை மட்டும் வழிச்சு எறிஞ்சுட்டு மிச்சத்தை சாப்பிடக் கூடாது, தயிர் மெத்துன்னு இருக்கறதால பூஞ்சை கண்ணுக்கு தெரியாம உள்ள இறங்கியிருக்கும். நூல் மாதிரி இழுபடறதுல மட்டும் கொஞ்சம் நிதானம் வேணும். தயிர் கொழகொழன்னு இழுத்தா சில உறைகள்ல இருக்கற பாக்டீரியாவே அப்படி ஒரு பசையை விடும், அதுல ஆபத்துன்னு சொல்ல முடியாது, உறையை மாத்துனா சரியாகும். ஆனா உறை ஊத்தாத பால் நூல் இழுத்தா அதுக்கு சமாதானமே கிடையாது, கொட்டிடுங்க.

## மோர்ல உண்மையான சந்தேகம் தண்ணி மேல

நல்லா புளிச்ச தயிர் 4.6க்கு கீழ இருக்கறதால பெரும்பாலான நோய்க் கிருமி அதுல வளர்றது கஷ்டம். அதனால பால்ல இருக்கற அளவு பதட்டம் மோர்ல தேவையில்லை, புளிச்சது நாக்குக்கு பிடிக்காம போகலாமே தவிர புளிப்பே விஷம் இல்லை. ஆனா ஒரு பங்கு தயிருக்கு மூணு பங்கு தண்ணின்னு சேர்க்கறோம் பாருங்க, அந்த தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு? ஐஸ் எந்த தண்ணில போட்டது? கொத்தமல்லி, பச்சை மிளகாய், இஞ்சி கழுவினாங்களா? வளர்றது கஷ்டம்னா உள்ள வந்தது உடனே செத்துடும்னு அர்த்தம் இல்லை, டைஃபாய்டும் சில வகை மஞ்சக்காமாலையும் தண்ணி வழியா வரக்கூடியது. ரோட்டோரத்துல பானைல வெச்சிருக்கற மோர் போட்டோல பால் மாதிரி வெள்ளையா, ஒரு கட்டி இல்லாம, பார்க்கவே நாக்குல தண்ணி ஊறற மாதிரி இருக்கும், அது அந்த தண்ணியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாது.

## போட்டோ அனுப்பறதுன்னா

மஞ்ச பல்பு வெளிச்சத்துல எடுத்தா எந்த பாலும் மஞ்சளாத்தான் தெரியும், எவர்சில்வர் வேற நிறத்தை பிரதிபலிச்சு குழப்பும். கண்ணாடி டம்ளர்ல ஊத்தி, ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்துல, மேலேர்ந்து இல்லாம சைடுலேர்ந்து எடுங்க, அப்பதான் வெள்ளை மேலயா கீழயான்னு தெரியும். ஒரு ஸ்பூன் போட்டு கலக்கிட்டு இன்னொண்ணு எடுங்க. பாக்கெட்டோட தேதி தெரியற மாதிரி ஒண்ணு.

கூடவே எழுத வேண்டியது: எப்ப வந்த பால், எவ்வளவு நேரம் வெளிய இருந்துச்சு, காய்ச்சினதுக்கு முன்னாடி திரிஞ்சதா பின்னாடியா, அதுல என்ன போட்டீங்க, வாடை எப்படி. நடுவுல கரண்ட் போய் ஃப்ரிட்ஜ் நின்னுச்சுன்னா அதையும் எழுதுங்க. இதுல "எவ்வளவு நேரம் வெளிய இருந்துச்சு"க்கு "தெரியல"ன்னு பதில் வந்தா நான் போட்டோவை பெரிசு பண்ணி பார்க்கறது கூட கிடையாது, கொட்டிடுங்கன்னுதான் சொல்லுவேன், வீட்ல கைக்குழந்தையோ கர்ப்பமா இருக்கறவங்களோ வயசானவங்களோ இருந்தா அதை ரெண்டு தடவை சொல்லுவேன்.